பன்னிரண்டு மரணங்களும் ஒரு வீதமும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில் இருக்கும் கெலிஓயா, கண்டி மாவட்டத்தின் 20 பிரதேச செயலாளர் பிரிவுகளில் ஒன்றான உடுநுவரவைச் சேர்ந்தது. உடுநுவரவின் சனத்தொகை ஓர் இலட்சத்துக்குச் சற்று அதிகம். 2012ஆம் ஆண்டின் தொகைமதிப்பில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ 92,000 பேர்தான். அதாவது கண்டியில் ஒரு பிரிவாக மட்டுமே எண்ணப்படும் அளவுள்ள மக்கள், வடக்கில் ஒரு தனி மாவட்டமாகப் புள்ளிவிவர அட்டவணையில் இடம்பெறுகிறார்கள். உடுநுவரவின் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் கண்டி என்ற பெரிய எண்ணுக்குள் கரைந்து, நம் கண்ணில் படாமலே போகிறது. முல்லைத்தீவின் ஏற்ற இறக்கமோ 25 மாவட்டங்களின் வரிசையில் தனியாக நின்று, ஓர் ஆண்டு பாராட்டையும் மறு ஆண்டு கண்டனத்தையும் பெறுகிறது. சிசு மரண வீதம் என்ற அளவைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டுக்குச் சுகாதார சேவையின் தரம் முதற்காரணம் அல்ல. அந்த வீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. ஒரு சிறிய மாவட்டத்தின் ஓராண்டு வீதத்தைக் கொண்டு அம்மாவட்டத்தின் சேவையை எடைபோடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வீதம் குறையக் குறைய இந்த எச்சரிக்கை தளர வேண்டியதில்லை; மாறாக இன்னும் இறுக வேண்டும்.

வரைவிலக்கணம் எளிமையானது. ஓர் ஆண்டில், ஒரு வயது நிறைவடையும் முன் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை, அதே ஆண்டில் உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பது சிசு மரண வீதம். இந்த எளிமைக்குள் மூன்று முடிவுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, உயிர்ப்பிறப்பு எது என்பது. 1950இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட வரையறைப்படி, கர்ப்பகாலம் எத்தனை வாரமாக இருந்தாலும், தாயிடமிருந்து முழுமையாக வெளிவந்த பின் மூச்சோ இதயத் துடிப்போ கொப்பூழ்க்கொடித் துடிப்போ தசைகளின் தெளிவான அசைவோ ஒரு கணமேனும் தென்பட்டால் அது உயிர்ப்பிறப்பு. அக்குழந்தை சில நிமிடங்களில் இறந்தால் அது சிசு மரணம். அந்த அடையாளம் எதுவும் இல்லையென்றால் அது செத்துப் பிறத்தல். இந்த வீதத்தில் மேலேயும் சேராது, கீழேயும் சேராது. 23 அல்லது 24 வாரத்தில் பிறந்து, இரண்டு முறை மூச்செடுக்க முயன்று அடங்கிப்போகும் குழந்தையைப் பிரசவ அறையில் எப்படிப் பதிகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். பெரிய மாவட்டத்தில் இத்தகைய சில முடிவுகள் மறைந்துவிடும். ஆண்டுக்கு 1,500 பிறப்புகள் உள்ள இடத்தில் இரண்டே முடிவுகள் வீதத்தை 1.3 அளவுக்கு நகர்த்திவிடும்.

இரண்டாவது முடிவு காலத்தைப் பற்றியது. மேலே உள்ள மரணங்களும் கீழே உள்ள பிறப்புகளும் ஒரே குழந்தைகளைக் குறிப்பவை அல்ல. டிசம்பரில் பிறந்து ஜனவரியில் இறந்த குழந்தை, பிறப்பில் ஓர் ஆண்டிலும் மரணத்தில் மறு ஆண்டிலும் எண்ணப்படுகிறது. பிறப்புகள் நிலையாக இருக்கும் காலத்தில் இதனால் குறையில்லை. ஆனால் இலங்கையில் கடந்த சில ஆண்டுகளாகப் பிறப்புகள் வேகமாகச் சரிந்துவருகின்றன. அப்போது சென்ற ஆண்டின் பெரிய கூட்டத்திலிருந்து வரும் மரணங்கள் இந்த ஆண்டின் சிறிய கூட்டத்தால் வகுக்கப்படும். வீதம் பொய்யாகச் சற்று உயரும். இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. சிசு மரணங்களில் பெரும்பகுதி முதல் 28 நாட்களுக்குள், அதிலும் முதல் வாரத்தில், நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே முந்திய ஆண்டில் பிறந்தவர்களின் பங்கு சிறியது. ஓராண்டில் பிறப்புகள் பத்து வீதம் குறைந்தாலும் இந்த வழியில் வரும் பிழை நூற்றுக்கு இரண்டை அரிதாகவே தாண்டும்.

மூன்றாவது முடிவு இடம். கண்டியைச் சூழ்ந்த பகுதிகளில் இதுதான் மிகப் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. இலங்கையில் பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதிவாகின்றன. கெலிஓயாவில் வாழும் தாய் பேராதனை போதனா வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பிரசவித்தால், பிறப்பு அங்கே பதிவாகும். குழந்தை நோயுற்று, பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலையில் இறந்தால் மரணமும் அங்கேதான். நிகழ்ந்த இடத்தை வைத்து மட்டும் அட்டவணை தயாரித்தால், உடுநுவர என்ற பிரிவில் பிறப்பும் மிகக் குறைவு, மரணமும் மிகக் குறைவு என்று தோன்றும். அங்கே ஏறத்தாழ யாரும் பிறக்கவில்லை என்ற விசித்திரமான முடிவுக்கு அது நம்மைக் கொண்டுபோகும்.

மாவட்ட மட்டத்தில் இது இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. நுவரெலியாவிலோ மாத்தளையிலோ பிறந்த குழந்தை கடுமையான சிக்கலோடு கண்டிக்கோ பேராதனைக்கோ மாற்றப்பட்டு அங்கே இறந்தால், பிறப்பு ஒரு மாவட்டத்தின் வகுக்கும் எண்ணில் சேரும். மரணம் கண்டியின் வகுபடும் எண்ணில் சேரும். பெரிய வைத்தியசாலைகளைக் கொண்ட கண்டி இதனால் மோசமாகத் தெரியும். நோயாளரை அனுப்பிவைக்கும் மாவட்டம் நன்றாகத் தெரியும். பத்து ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது, ஏனெனில் அது ஒவ்வோர் ஆண்டும் ஒரே திசையில் இழுக்கிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: பிறப்பையும் மரணத்தையும் தாயின் நிரந்தர வதிவிடத்துக்குத் திருப்பிக் கணக்கிடுவது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் பதிவேடுகள் தாயின் முகவரியிலிருந்தே தொடங்குவதால், இந்த வகையில் அவை பதிவாளரின் ஏட்டைவிடப் பொருத்தமானவை. ஆகவே ஒரு மாவட்ட வீதத்தைப் பார்க்கும்போது அது நிகழ்ந்த இடத்தைக் கொண்டதா, வதிவிடத்தைக் கொண்டதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால் அந்த எண்ணை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

வரையறையும் இடமும் சரியாக்கப்பட்டுவிட்டன என்றே கொள்வோம். ஒரு மரணம்கூட விடுபடவில்லை, ஒவ்வொரு குழந்தையும் தாயின் முகவரிக்குச் சரியாகத் திருப்பப்பட்டிருக்கிறது. அப்போதும் சிறிய இடத்தின் வீதம் ஆண்டுக்கு ஆண்டு துள்ளும். இதைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கு போதும். உடுநுவரவையோ முல்லைத்தீவையோ ஒத்த அளவுள்ள ஓர் இடத்தில் ஆண்டுக்கு 1,500 பிறப்புகள் என்று வைப்போம். அங்கு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வயதுக்குள் இறக்கும் அபாயம் ஆயிரத்துக்கு 8. இது அண்மைக்கால இலங்கையின் தேசிய வீதத்துக்கு நெருங்கிய எண். அந்த அபாயம் ஐந்து ஆண்டுகளாக அணுவளவும் மாறவில்லை என்றும் வைப்போம். அப்படியானால் எதிர்பார்க்கப்படும் மரணங்கள் ஆண்டுக்கு 12. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சரியாக 12 வராது. அரிதான, ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளின் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் வகுத்த பரம்பல் சொல்கிறது. அதன் சாரம் இதுதான்: எதிர்பார்க்கும் எண்ணின் வர்க்கமூலம் எவ்வளவோ, வழமையான விலகலும் ஏறத்தாழ அவ்வளவு. 12இன் வர்க்கமூலம் சுமார் மூன்றரை. இரு பக்கமும் அதன் இரு மடங்கு அளவுக்கு இடம் விட்டால், இருபது ஆண்டுகளில் பத்தொன்பது ஆண்டுகளில் மரணங்கள் 6க்கும் 19க்கும் இடையில் விழும். வீதமாகச் சொன்னால் 4 முதல் 12.7 வரை. எதுவுமே மாறாத ஓர் இடத்தில், ஒன்றும் கூடாமலும் குறையாமலும், வீதம் தன்னளவில் மூன்று மடங்கு அகலத்தில் அலையும்.

இதையே 20,000 பிறப்புகள் கொண்ட ஒரு மாவட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். எதிர்பார்க்கும் மரணங்கள் 160. வழமையான விலகல் 12.6. வீதம் 6.8க்கும் 9.2க்கும் இடையில் நிற்கும். இரண்டரை இலட்சம் பிறப்புகள் கொண்ட முழு நாட்டுக்கு அது 7.6 முதல் 8.4 வரையிலான ஒரு குறுகிய பட்டை. அபாயம் மூன்று இடத்திலும் ஒன்றே. ஆகவே 25 மாவட்டங்களையும் வரிசைப்படுத்தினால் உச்சியிலும் அடியிலும் சிறிய மாவட்டங்களே மாறி மாறி உட்கார்வதில் வியப்பில்லை. மிகச் சிறந்த மாவட்டம் சிறியது என்பதைக் கண்டு, சிறிய நிர்வாகமே சிறந்தது என்று எழுதுபவர், அதே பட்டியலின் மறுமுனையையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாண்டு வரிசை ஒன்றை எழுதிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேற்சொன்ன கற்பனை இடத்தில் மரணங்கள் முறையே 12, 7, 15, 9, 17 என்று வந்தன என்போம். வீதங்கள் 8.0, 4.7, 10.0, 6.0, 11.3. இரண்டாம் ஆண்டின் அறிக்கை, சிசு மரணம் நாற்பது வீதம் குறைந்தது என்று மகிழும். மூன்றாம் ஆண்டு, அது இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது என்று விளக்கம் கோரும் கடிதம் வரும். ஐந்தாம் ஆண்டு, முதலாம் ஆண்டோடு ஒப்பிட்டு, நிலைமை சீர்கெட்டுவிட்டது என்ற முடிவு எழுதப்படும். இந்த வரிசைக்கு ஒரு சிறு சோதனை உண்டு. ஒவ்வோர் ஆண்டின் எண்ணிக்கையிலிருந்தும் சராசரியான 12ஐக் கழித்து, வர்க்கித்து, கூட்டினால் 68. அதைச் சராசரியால் வகுத்தால் 5.7. ஐந்து ஆண்டுகளின் வரிசைக்கு இந்தத் தொகை 9.5ஐத் தாண்டினால்தான் தற்செயலுக்கு அப்பால் ஏதோ இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம். 5.7 அதற்கு வெகு கீழே. அறிக்கைகள், கடிதங்கள், முடிவுகள் எல்லாம் ஒன்றும் நடவாத ஒன்றைப் பற்றியவை. அபாயம் மாறாமலே இருந்தாலும் அடுத்தடுத்த இரு ஆண்டுகளுக்கிடையே ஐந்து மரணங்களோ அதற்கு மேலோ வித்தியாசம் வருவது, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை நடக்கக்கூடியது.

உண்மையில் அலைவு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒரு மரணம் இன்னொன்றைச் சாராது என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. இரட்டையர் குறைமாதத்தில் பிறந்தால் இருவரும் இறக்கக்கூடும்; ஒரு தொற்று ஒரே விடுதியில் பல சிசுக்களைப் பற்றக்கூடும். அப்போது மரணங்கள் கொத்தாக வரும். சிறிய இடத்தில் ஒரு கொத்தே ஆண்டின் வீதத்தைத் தீர்மானித்துவிடும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. மாதிரிக் கணிப்பில் பிழைவிளிம்பு இருப்பது சரி. இலங்கையில் பிறப்பும் இறப்பும் முழுமையாகப் பதிவாகின்றனவே, 17 குழந்தைகள் இறந்தது உண்மைதானே, அதில் நிச்சயமின்மை எங்கே வருகிறது? ஏற்கத்தக்க கேள்வி. எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்பதே கேள்வியானால் 17 என்பதில் எந்த ஐயமும் இல்லை. ஆனால் அந்த எண்ணை யாரும் அதோடு நிறுத்துவதில்லை. இங்கே பிரசவ சேவை கெட்டுவிட்டதா, மருத்துவரை அனுப்ப வேண்டுமா, புதிய திட்டம் பலித்ததா என்று கேட்கவே வீதம் பயன்படுகிறது. அவை நடந்ததைப் பற்றிய கேள்விகள் அல்ல, அடுத்து பிறக்கப்போகும் குழந்தையின் அபாயத்தைப் பற்றிய கேள்விகள். அந்த அபாயத்தை நாம் நேரே பார்ப்பதில்லை; ஓராண்டின் எண்ணிக்கையிலிருந்து ஊகிக்கிறோம். ஒரே அபாயம் 7ஐயும் தரும், 17ஐயும் தரும் என்றால், எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஊகம் தளர்வாகவே இருக்கும். புள்ளிவிவர அலுவலகங்கள் இதை நடைமுறையில் ஏற்றுக்கொண்டுள்ளன. முழுப் பதிவு உள்ள அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம், 20க்குக் குறைந்த மரணங்களைக் கொண்ட வீதத்தை நம்பகமற்றது என்று குறியிடுகிறது. இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் பெரிய மாநிலங்களுக்கு ஆண்டு வீதத்தைத் தருகிறது. சிறிய மாநிலங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் மூன்று ஆண்டுகளைச் சேர்த்த வீதத்தையே வெளியிடுகிறது. 20 என்ற எல்லையை நம் கற்பனை இடத்துக்குப் பொருத்தினால், ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூடத் தேறாது.

வீதம் குறையும்போது எச்சரிக்கை இறுக வேண்டும் என்று முதலில் சொன்னேன். அதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1946இல் இலங்கையின் சிசு மரண வீதம் 141. அக்காலத்தில் 1,500 பிறப்புகளுக்கு எதிர்பார்க்கக்கூடிய மரணங்கள் 211. அதன் வர்க்கமூலம் 14.5, இரு மடங்கு விட்டுப் பார்த்தாலும் விலகல் நூற்றுக்கு 14 அளவுதான். அன்று ஒரு சிறிய இடத்தின் வீதம் ஓராண்டில் கால்வாசி குறைந்தால், அது பெரும்பாலும் உண்மையான மாற்றம். இன்று அதே இடத்தில் விலகல் நூற்றுக்கு 58. மலேரியாக் கட்டுப்பாடு, வைத்தியசாலைப் பிரசவம், குடும்பநல உத்தியோகத்தரின் வருகை, தடுப்பூசி எல்லாம் சேர்ந்து வீதத்தை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தன. அந்த வெற்றியே ஆண்டு வீதத்தைச் சிறிய இடங்களுக்குப் பயனற்றதாக்கிவிட்டது. ஆனால் மாவட்டங்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி, ஏறியவரைக் கேள்வி கேட்கும் பழக்கம், மரணங்கள் நூற்றுக்கணக்கில் இருந்த காலத்தின் பழக்கம். எண் மாறியிருக்கிறது, அதை வாசிக்கும் முறை மாறவில்லை.

உண்மையான ஏற்றம் எப்படித் தெரியும் என்பதற்கும் நம் வரலாறே சான்று. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல், கண்டியின் தாழ்ந்த பகுதிகள் ஆகியவற்றைத் தாக்கியபோது, 1935இல் நாட்டின் சிசு மரண வீதம் 263ஐ எட்டியது. அதை உறுதிசெய்ய எந்த வர்க்கமூலமும் தேவைப்படவில்லை. அது அடுத்தடுத்த பிரதேசங்களில் ஒரே காலத்தில் எழுந்தது. எல்லா வயதினரின் மரணங்களும் கூடவே எழுந்தன. நோயின் பெயர் தெரிந்திருந்தது. 1970களின் உணவு நெருக்கடியில் பெருந்தோட்ட மக்களிடையே மரணங்கள் உயர்ந்ததும் அத்தகையதே. ஒரே காரணம், ஒரே திசை, பல இடங்கள். சிறிய மாவட்டத்தின் ஓராண்டுத் துள்ளலில் இந்த அடையாளங்கள் ஒன்றும் இருக்காது. அந்த 17 மரணங்களைப் பிரித்துப் பார்த்தால், சில பிறவிக் குறைபாடுகள், சில மிகக் குறைமாதப் பிறப்புகள், ஒரு தொற்று, ஒரு விபத்து என்று சிதறிக் கிடக்கும். பிறவிக் குறைபாடுகள் இன்று இலங்கையின் சிசு மரணங்களில் ஒரு முக்கிய பங்கு. தாயின் உயிரைக் காக்கவன்றி கருக்கலைப்புக்கு இந்நாட்டின் சட்டம் இடந்தராததால், உயிர்பிழைக்க முடியாதென்று கருப்பையிலேயே தெரிந்த குழந்தைகளும் பிறந்து, இந்த வீதத்தில் எண்ணப்படுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் எந்த ஆண்டில் பிறக்கிறார்கள் என்பதை எந்தச் சுகாதாரப் பணிமனையும் தீர்மானிப்பதில்லை.

ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டுவதே பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு. நம் ஐந்தாண்டு வரிசையில் மொத்தம் 60 மரணங்கள், 7,500 பிறப்புகள், வீதம் 8.0, அதன் பட்டை ஏறத்தாழ 6 முதல் 10 வரை. துள்ளல் அடங்கிவிடுகிறது. ஆனால் இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது முந்தியதைவிடக் கனமானது. ஐந்தாம் ஆண்டில் உண்மையாகவே ஏதேனும் கெட்டுப்போயிருந்தால்? பிரசவ விடுதியில் அனுபவமுள்ள மருத்துவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால், இன்கியுபேட்டர் பழுதாகியிருந்தால், சராசரிக்குள் அது புதைந்துவிடாதா? புதைந்துதான் போகும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டு வீதமும் அதைக் கண்டுபிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அபாயம் 8இலிருந்து 10க்கு உயர்ந்தால் எதிர்பார்ப்பு 12இலிருந்து 15 ஆகும். அந்த மூன்று மரணங்கள் வழமையான அலைவுக்குள்ளேயே அடங்கிவிடும். கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் வேலையை வீதத்திடம் ஒப்படைப்பதுதான் தவறு. அந்த வேலைக்கு வேறு கருவி ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் சிசு மரணங்கள் ஒவ்வொன்றாக மீளாய்வு செய்யப்படுகின்றன. வைத்தியசாலை தன் பங்கைப் பார்க்கிறது. களத்தில் குடும்பநல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரியும் வீட்டில் நடந்ததை விசாரிக்கிறார்கள். குடும்ப சுகாதாரப் பணியகம் அவற்றைத் தொகுக்கிறது. பிறந்தபோது எடை எவ்வளவு, எத்தனை வாரம், மூச்சு தடைப்பட்டதா, அனுப்பிவைக்க எத்தனை மணிநேரம் பிடித்தது, இது தவிர்த்திருக்கக்கூடியதா? பழுதான இன்கியுபேட்டரை இந்தக் கேள்விகள் ஒரே மரணத்தில் பிடித்துவிடும். வீதம் ஐந்து மரணங்களிலும் பிடிக்காது.

சிறிய இடத்தின் வீதத்தை மாகாண வீதத்தை நோக்கிச் சற்று இழுத்துச் சமன்செய்யும் முறைகளும் உண்டு. தரவு குறைவாக உள்ள இடத்தை அவை அதிகம் இழுக்கும், தரவு நிறைந்த இடத்தை அவ்வளவாக இழுக்காது. வரைபடம் தயாரிக்க அவை நல்லவை. ஆனால் உண்மையிலேயே மோசமான ஒரு சிறிய இடத்தையும் அவை சராசரிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதால், தனித்தனி மரண விசாரணைக்கு அவை மாற்று ஆகா.

அடுத்துச் செய்ய வேண்டியது அட்டவணையில்தான். மாவட்ட வீதத்தின் அருகில் மரணங்களின் எண்ணிக்கை ஒரு தனி நிரலாக அச்சிடப்பட வேண்டும், 4.7 என்பதற்குப் பக்கத்தில் 7 என்று கண்டால் வாசிப்பவர் தாமே நிதானிப்பார். 20க்குக் குறைந்த இடத்தில் ஓராண்டு வீதம் அச்சாகவே வேண்டாம்; மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு வீதம் போதும். வதிவிடமா, நிகழ்ந்த இடமா என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய தரவு ஒன்றும் தேவையில்லை. ஆனால் ஆண்டுகளைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை வருகிறது. வீதத்தை நூற்றுக்கு இருபது ஏற்ற இறக்கத்துக்குள் அறிய ஏறத்தாழ 100 மரணங்கள் வேண்டும். ஆண்டுக்கு 12 மரணங்கள் உள்ள இடத்துக்கு அது எட்டு ஆண்டுகள். பிறப்புகள் 1,000 ஆகவும் வீதம் 6 ஆகவும் குறைந்துவிட்டால் ஆண்டுக்கு 6 மரணங்கள், 100ஐ எட்ட பதினாறு ஆண்டுகளுக்கு மேல். அத்தனை ஆண்டுகளில் மருத்துவர்களும் விடுதிகளும் வீதிகளும் மாறிவிட்டிருக்கும். கிடைக்கும் சராசரி எந்த ஒரு காலத்தையும் குறிக்காது. பிறப்புகள் இப்போது சரியும் வேகத்தில் முல்லைத்தீவு போன்ற மாவட்டங்கள் அந்த நிலைக்கு வெகு தொலைவில் இல்லை. அங்கே வீதத்தை மாகாணத்துக்கு மட்டும் கணக்கிட்டு, மாவட்டத்துக்கும் உடுநுவர போன்ற பிரிவுகளுக்கும் மரணங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் காரணம், தவிர்த்திருக்கக்கூடியவை எத்தனை என்பவற்றை மட்டும் வெளியிட வேண்டியிருக்கும்.